ஒரு வேலை, ஒரு விலை, ஓர் எல்லை
தையல் மெஷின் சர்வீசைத் தொழிலாக அமைத்துக்கொள்ளும் முறை



இம்முறை பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது தையல் மெஷின். தைக்கப் பழகுவது பற்றியதல்ல இந்தப் பாடம். மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, நன்றாகத் தைக்கும் நிலைக்குக் கொண்டுவரும் வேலையைப் பற்றியது. மிதித்துத் தைக்கும் பழைய கறுப்பு மெஷின் நமது லயங்களில் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவரும் ஏதாவதொரு டிவிஷனில் இருப்பார். கார்மென்ட் தொழிற்சாலையில் மெக்கானிக்குக்கு உதவியாளாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய தம்பியாக இருக்கலாம், பல வருடம் தைத்துத் தைத்து மெஷினின் குணம் அறிந்த அக்காவாகவும் இருக்கலாம்.

அவரிடம் கைவேலை இருக்கிறது, காசுதான் நிற்பதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு வீட்டில் கூப்பிடுகிறார்கள். போகிறார், மூன்று மணித்தியாலம் இருந்து வேலை செய்கிறார். "எவ்வளவு தம்பி?" என்று கேட்டால், "பாத்துக் குடுங்க" என்கிறார். ஒரு வீட்டில் ஆயிரம் ரூபா கிடைக்கிறது, அடுத்த வீட்டில் இருநூறு ரூபாவும் ஒரு கோப்பை தேத்தண்ணியும். இன்னொரு வீட்டில் "சம்பளத்துக்குத் தாறேன்" என்ற சொல்லோடு முடிகிறது. பத்து நாள் கழித்துப் பெல்ட் அறுந்தால், "நீதானே வேல செஞ்ச, வந்து பாரு" என்று மறுபடியும் ஆள் வருகிறது. பெல்ட்டை அவர் தொட்டிருக்கவே மாட்டார். ஆனாலும் மறுக்க முடிவதில்லை. எந்த வேலைக்குக் காசு வாங்கினோம், எந்த வேலைக்கு வாங்கவில்லை என்பதை முதலில் இரண்டு பேருமே பேசிக்கொள்ளவில்லை.

இத்தனை கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர் என்று மலைக்கு ஏறுமுன்பே சொல்லப்பட வேண்டும். தராசடியில் வந்து நின்ற பிறகு அளவு மாறினால் என்ன சண்டை வரும் என்பது நமக்குத் தெரியும். கைத்தொழிலுக்கும் இதே நியாயந்தான். என்ன வேலை, என்ன விலை, எதுவரை என்ற மூன்றையும் மெஷினைத் திறக்குமுன் சொல்லிவிட வேண்டும். அப்படி எல்லாருக்கும் ஒரே மாதிரியாகக் கட்டி வைத்த வேலையைத்தான் இந்தப் பாடத்தில் நாம் "கட்டு வேலை" என்று அழைக்கப் போகிறோம்.

எந்த வேலையைக் கட்டலாம்?

எல்லாப் பழுதுக்கும் ஒரே விலை வைத்தால் நட்டந்தான் வரும். பத்து வீட்டுக்குப் போனால் எட்டு வீட்டிலாவது ஒரே மாதிரி, ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிகிற வேலையைத்தான் கட்ட முடியும். அதைக் கண்டுபிடிக்க ஒரு கொப்பி போதும். முதல் பத்து மெஷினுக்கும் நான்கு விஷயம் எழுதி வையுங்கள்: தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன குறை, என்ன சாமான் போட்டது.

அந்தக் கொப்பியில் பெரும்பாலும் தெரியவருவது இதுதான். பாதிக்கு மேற்பட்ட மெஷின்களில் உடைந்தது ஒன்றுமே இருக்காது. பஞ்சுத் தூசி அடைத்திருக்கும், எண்ணெய் காய்ந்து பசையாகி இருக்கும், ஊசி மொட்டையாகவோ வளைந்தோ இருக்கும், நூல் இறுக்கம் தவறி இருக்கும். இவை நான்கும் துடைத்தல், எண்ணெய் விடுதல், ஊசி மாற்றுதல், இறுக்கம் சரிபார்த்தல் என்ற ஒரே வரிசையில் தீர்ந்துவிடும். ஆகவே இவை கட்டுக்குள் வரும். ஷட்டில் தேய்ந்தது, மோட்டார் எரிந்தது போன்றவை ஒரு வீட்டில் ஒரு மணித்தியாலமும் இன்னொரு வீட்டில் ஒரு நாளும் இழுக்கும். அவை கட்டுக்கு வெளியே.

கட்டுக்குள் வரும் ஏழு படிகள்

வரிசை மாறாமல் செய்வது முக்கியம். ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய்தால் ஒன்றும் மறந்துபோகாது, நேரமும் ஒரே அளவில் நிற்கும்.

முதலாம் படி: தைத்துப் பார்த்தல். மெஷினைத் திறக்குமுன், இரண்டு மடிப்புத் துணியில் ஒரு சாண் நீளம் தைத்துப் பாருங்கள். வீட்டுக்காரரும் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தத் துண்டை எடுத்து வையுங்கள். மெஷின் எந்த நிலையில் நம் கைக்கு வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

இரண்டாம் படி: துடைத்தல். ஊசி, பாதம், பொபின் கூடு ஆகியவற்றைக் கழற்றுங்கள். ஊசித் தட்டின் ஆணிகளை எடுத்துத் தட்டைத் தூக்கினால், துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையில் பஞ்சு கட்டி கட்டியாக இருக்கும். பிரஷ்ஷால் அதை எடுத்துவிடுங்கள். பிறகு ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தைத் திறந்து வெளியே எடுங்கள். கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி வைத்தால் திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் இராது. ஷட்டில் ஓடும் பள்ளத்தில் சிறு நூல் துண்டு ஒன்று சிக்கியிருந்தால்கூட மெஷின் கனமாக ஓடும், அல்லது இறுகி நின்றுவிடும்.

நமது வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. மெஷின் எண்ணெய் முடிந்தால் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அன்றைக்கு நன்றாக ஓடும். சில மாதத்தில் அது காய்ந்து, பழுப்பு நிறப் பசையாகி, மிதிக்க மிதிக்கக் கால் வலிக்கும். அப்படிப்பட்ட மெஷினில் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துப் பசையைத் துடையுங்கள். எட்டாத இடத்தில் ஒரு சொட்டு விட்டு, கைச்சில்லைச் சுற்றிச் சுற்றி இளகவிட்டு, வெளியே வருவதைத் துடைத்தெடுங்கள். அந்த நேரம் அடுப்போ விளக்கோ பக்கத்தில் எரியக்கூடாது.

மூன்றாம் படி: எண்ணெய் விடுதல். தையல் மெஷினுக்கென்று விற்கும் தெளிவான எண்ணெய் மட்டும். மேலேயுள்ள துளைகள், ஊசிக்கம்பி, மெஷினைச் சாய்த்தால் அடியில் தெரியும் மூட்டுகள், ஷட்டில் பள்ளம், மிதியின் மூட்டுகள் என இரும்போடு இரும்பு உராயும் இடங்களில் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. பெல்ட்டில் எண்ணெய் படக்கூடாது, பட்டால் வழுக்கும். பிறகு நூல் போடாமல் இரண்டு நிமிடம் மிதித்து, கசியும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

நான்காம் படி: புது ஊசி. பழையது நன்றாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். ஊசிமுனையின் சிறு வளைவு கண்ணுக்குத் தெரியாது, தையலில்தான் தெரியும். சாதாரணப் பருத்தித் துணிக்கு 14ஆம் இலக்கம், தடித்த துணிக்கு 16, மெல்லிய சேலைத் துணிக்கு 11. ஊசித் தண்டின் தட்டையான பக்கம் ஷட்டில் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். நீளமான பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூலைக் கோர்க்க வேண்டும். ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றி இறுக்குங்கள். திருப்பிப் போட்ட ஊசியும் பாதி ஏறிய ஊசியும்தான் "மெஷின் பழுது" என்று நம்மைக் கூப்பிட வைக்கும் மிகச் சாதாரணமான காரணங்கள்.

ஐந்தாம் படி: நூல் இறுக்கம். முதலில் கீழ் நூல். பொபினைக் கூட்டில் போட்டு, நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். கூடு தன் பாரத்திலேயே கடகடவென்று இறங்கினால் தளர்வு. கையை இலேசாக உதறினாலும் இறங்காவிட்டால் மிக இறுக்கம். உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்பதே சரி. கூட்டின் சின்ன ஆணியை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம்.

அடுத்து மேல் நூல். மேலே சிவப்பு நூலும் கீழே வெள்ளை நூலும் போட்டுத் தையுங்கள். துணியின் அடிப்பக்கத்தில் சிவப்பு நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல் இறுக்கம் போதாது. மேற்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் மேல் இறுக்கம் அதிகம். அடியில் வளையம் கண்டதும் திருகை இறுக்கிவிடாதீர்கள். நூல் இறுக்கத் தட்டுகளுக்கு நடுவில் போகிறதா என்று முதலில் பாருங்கள். பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டு நூலைக் கோர்த்தால்தான் தட்டுகள் திறந்து நூலை உள்ளே விடும்.

ஆறாம் படி: பெல்ட். மிதிக்கும்போது பெல்ட் வழுக்கினால் அதன் கொக்கியைக் கழற்றி, அரை சென்டிமீட்டர் அளவு வெட்டி, மறுபடியும் பூட்டுங்கள். இறுக்கிக் கொடுப்பது கட்டுக்குள் அடங்கும். புதுப் பெல்ட் அடங்காது.

ஏழாம் படி: ஒப்படைத்தல். முதலில் தைத்த அதே மாதிரித் துணியில் இரண்டு மடிப்பிலும் நான்கு மடிப்பிலும் தைத்துக் காட்டுங்கள். பிறகு வீட்டுக்காரரை உட்காரவைத்து அவர் கையாலேயே தைக்கச் சொல்லுங்கள். பழைய துண்டையும் புதிய துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டையும் கொப்பியில் ஒட்டித் திகதி போட்டு வைத்தால் பின்னாளில் வரும் பேச்சுக்கெல்லாம் அதுவே பதில்.

பழகிய கைக்கு இவ்வளவும் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியால வேலை.

எல்லை எங்கே?

கட்டு வேலையில் பலரும் தடுமாறுவது இங்கேதான். செய்யும் வேலையைச் சொல்லிவிடுவார்கள், செய்யாததைச் சொல்ல மாட்டார்கள். நாம் எல்லைக்கு வெளியே வைக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, ஊசியும் ஷட்டில் கொக்கியும் சந்திக்கும் நேரம். ஊசி அடிக்குப் போய், ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் மேலே எழும்போது கொக்கியின் முனை வந்து நூலைப் பிடிக்க வேண்டும். அது தவறினால் தையல் தாவித் தாவி விழும். திருத்துவதற்கு உள் ஆணிகளைத் தளர்த்தி மறுபடி அமைக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தாவும் தையலுக்கு முதலில் ஊசியைத்தான் சந்தேகிக்க வேண்டும். புது ஊசியைச் சரியான பக்கம் பார்த்து, முழுவதும் ஏற்றிப் போட்டு, நூலையும் சரியாகக் கோர்த்த பிறகும் தாவினால், கோளாறு அதைத் தாண்டி உள்ளே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு, தேய்ந்த அல்லது உடைந்த சாமான்கள். கொக்கி முனை மொட்டையானது, பல் தேய்ந்து துணியை இழுக்காதது, மூட்டு ஆடுவது எல்லாம் இதில் அடங்கும். சாமான் கிடைக்குமா, என்ன விலை என்பது நம் கையில் இல்லை.

மூன்று, மோட்டாரும் வயரும். கரண்ட் வேலை படித்தவரைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்கக்கூடாது. மோட்டார் பூட்டிய மெஷினாக இருந்தால், பிளக்கைக் கழற்றிய பிறகே மற்றப் படிகளைத் தொடங்க வேண்டும்.

இந்த எல்லையைக் காப்பதற்கு ஒரு வழி, முதல் கால் மணித்தியாலத்தை "பார்வை நேரம்" என்று வைத்துக்கொள்வது. அதற்குள் தைத்துப் பாருங்கள், புது ஊசி போட்டுப் பாருங்கள், கைச்சில்லைச் சுற்றிச் சத்தம் கேளுங்கள். கட்டுக்குள் அடங்கும் என்று தெரிந்தால் தொடருங்கள். அடங்காது என்றால் அங்கேயே நிறுத்தி, பார்வைக் கூலி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆணிகளையெல்லாம் கழற்றிய பிறகு "இது நம்மால ஏலாது" என்பது வீட்டுக்காரருக்கும் அநியாயம், நமக்கும் கெட்ட பேர்.

விலை போடும் விதம்

கீழே வரும் தொகைகள் கணக்கு முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் ஊர்க் கடை விலையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒருவர் தன் உழைப்புக்கு நாளொன்றுக்கு 2,000 ரூபா வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 250 ரூபா. சர்வீசுக்கு ஒன்றரை மணித்தியாலம், போய்வர அரை மணித்தியாலம், ஆக இரண்டு மணித்தியாலம். அது 500 ரூபா. நடக்கும் நேரத்தைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு டிவிஷனிலிருந்து இன்னொன்றுக்கு ஏறி இறங்கும் நேரமும் நம் வாழ்நாளில்தானே கழிகிறது?

ஊசி, எண்ணெய், மண்ணெண்ணெய், துணி ஆகியவற்றுக்கு 100 ரூபா வையுங்கள். அடுத்தது மறுவருகை. பத்து மெஷினில் ஒன்றுக்காவது திரும்பப் போக வேண்டிவரும். அந்த இரண்டு மணித்தியாலத்தின் 500 ரூபாவைப் பத்துப் பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 50. கடைசியாக, ஸ்க்ரூ டிரைவரும் பிரஷ்ஷும் தேய்ந்துபோவதற்கு 50. எல்லாம் சேர்த்து 700 ரூபா.

அதுதான் விலை. பேரம் பேசுவார்கள் என்று 900 சொல்லி 700க்கு இறங்கக்கூடாது. ஒரு வீட்டுக்கு இறங்கினால் மறுநாள் பீலிக்கரையில் முழு லயத்துக்கும் தெரிந்துவிடும். விலை குறைவதற்கும் ஒரு விதி இருக்க வேண்டும். ஒரே லயத்தில் ஒரே நாளில் இரண்டாவது மெஷின் இருந்தால் நடக்கும் நேரம் மிச்சம். அந்த 125 ரூபாவில் நூறு ரூபாவை விட்டுக்கொடுத்து, இரண்டாவது மெஷினுக்கு 600 என்று வைக்கலாம். இது எல்லாருக்கும் பொதுவான விதி என்பதால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. அக்கம்பக்கத்தாரே பேசி இரண்டு மூன்று மெஷினைச் சேர்த்துவிடுவார்கள்.

பார்வைக் கூலியையும் இதே கணக்கில் போடுங்கள். நடை 125, கால் மணித்தியால வேலை ஏறக்குறைய 65, கூட்டினால் 190. அதை 200 ரூபா என்று வைக்கலாம். சர்வீஸ் செய்தால் இந்த 200 அந்த 700க்குள் அடங்கும்.

இரண்டு வீடு, இரண்டு முடிவு

ஒரு தம்பி இந்த முறைப்படி தொழில் செய்கிறார் என்று வைத்து, தீபாவளிக்கு மூன்று கிழமை முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்போம்.

முதல் வீட்டில் மெஷின் கனமாக ஓடுகிறது, அடியில் நூல் வளையம் வளையமாக விழுகிறது. கால் மணித்தியாலப் பார்வையில் தேங்காய் எண்ணெய்ப் பசையும், இறுக்கத் தட்டுக்குள் அடைத்திருந்த நூல் தும்பும் தெரிகின்றன. இரண்டுமே கட்டுக்குள் அடங்குபவை. பசையை இளக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் போய், ஒன்றே முக்கால் மணித்தியாலத்தில் முடிகிறது. விலை அதே 700. கால் மணித்தியாலம் கூடியதற்காக வீட்டுக்காரரிடம் மேலதிகம் கேட்கக்கூடாது. அடுத்த வீட்டில் கால் மணித்தியாலம் குறையும்போது நாம் காசைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லையே.

இரண்டாம் வீட்டு அக்கா ஐந்து வீட்டுப் பிள்ளைகளின் தீபாவளிச் சட்டைகளைத் தைக்க ஏற்றிருக்கிறார். துணிக்கு முற்பணமும் வாங்கிவிட்டார். மெஷின் தாவித் தாவித் தைக்கிறது. தம்பி புது ஊசி போடுகிறார், பக்கம் பார்க்கிறார், நூலைத் திரும்பக் கோர்க்கிறார். இன்னும் தாவுகிறது. ஊசித் தட்டை எடுத்துப் பார்த்தால், ஊசி நன்றாக மேலேறிப் போன பிறகுதான் கொக்கி முனை வருகிறது.

"அக்கா, இது சர்வீஸ்ல சரியாகாது. உள்ளுக்கு நேரம் மாறிப் போச்சு. டவுன்ல பெரிய மெக்கானிக்குகிட்ட கொண்டுபோகணும்."

"அய்யோ தம்பி, தீவாளிக்கு மூணு கெழமதான் இருக்கு. நீயே கழட்டிப் பாத்துருப்பா. நம்ம வீட்டுப் புள்ளதானே நீ."

"அதுனாலதான் சொல்றேங்க்கா. நான் கழட்டிச் சரியா வராட்டி ஒங்க தையல்தான் நிக்கும். இன்னைக்கே சொன்னா நாளைக்கே டவுனுக்குக் கொண்டுபோயிறலாம். என்னா கோளாறுன்னு துண்டுல எழுதித் தாறேன், அதக் காட்டுங்க. தலைய மட்டும் கழட்டிக் கட்டித் தாறேன், மேசையத் தூக்க வேணாம்."

அவர் வாங்கியது 200 ரூபா. எழுதிய துண்டில் இருந்தது இவ்வளவுதான்: "புது ஊசி போட்டும் தையல் தாவுகிறது. கொக்கி பிந்தி வருகிறது. வேறு ஆணி எதையும் கழற்றவில்லை." அந்தக் கடைசி வரி முக்கியமானது. டவுன் மெக்கானிக் வீணாகத் தேட வேண்டியதில்லை, அக்காவிடம் தேவையில்லாமல் காசு கேட்கவும் இடமில்லை.

அவர் மனம் இளகி உள்ளே கழற்றியிருந்தால் என்ன ஆகும்? அன்றைய நாள் முழுவதும் போயிருக்கும். நேரம் சரியாக அமையாவிட்டால், "இவன் கைவச்சதாலதான் கெட்டுப் போச்சு" என்ற பேச்சு வந்திருக்கும். அக்காவின் மூன்று கிழமையில் ஒரு கிழமை வீணாகி, முற்பணம் தந்த ஐந்து வீட்டுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எல்லையைச் சொல்லி நிறுத்தியதால் அந்த ஐந்து வீட்டுப் பிள்ளைகளின் சட்டையும் காப்பாற்றப்பட்டது.

கையில் கொடுக்கும் துண்டு

இவ்வளவையும் ஒவ்வொரு வீட்டிலும் வாயால் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கீழ்க்கண்டவாறு ஒரு துண்டில் எழுதி வேலைக்கு முன் கையில் கொடுங்கள். எழுத்து வாசிக்காத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தையல் மெஷின் சர்வீஸ் – 700 ரூபா
செய்வது: துடைத்தல், எண்ணெய், புது ஊசி 1, நூல் இறுக்கம் சரிபார்த்தல், பெல்ட் இறுக்குதல், தைத்துக் காட்டுதல்.
செய்யாதது: மோட்டார், வயர், உடைந்த சாமான், ஷட்டில் நேரம் அமைத்தல்.
புதுப் பெல்ட், பொபின், பொபின் கூடு வேண்டுமானால் கடை விலைக்கு. கேட்காமல் போட மாட்டோம்.
பார்த்துவிட்டு வேலை இல்லையென்றால் 200 ரூபா மட்டும்.
ஒரே லயத்தில் இரண்டாவது மெஷின் 600 ரூபா.
14 நாளுக்குள் அதே குறை வந்தால் ஒரு தடவை இலவசமாகப் பார்ப்போம்.
காசு வேலை முடிந்த அன்றே. சம்பளத்துக்குத் தருவதென்றால் அன்று 200, மீதி சம்பள நாளில்.
இந்த விலை ................ திகதிவரை.

"அதே குறை" என்ற சொல்லைக் கவனியுங்கள். நூல் இறுக்கத்துக்கு வேலை செய்துவிட்டு வந்த பிறகு பெல்ட் அறுந்தால் அது அதே குறையல்ல. கொப்பியில் ஒட்டிய துணித் துண்டும் அதன் கீழ் எழுதிய குறையும் இங்கேதான் உதவும். கடன் வரியும் காரணத்தோடுதான் வைக்கப்பட்டிருக்கிறது. சம்பள நாளுக்கு முன் கையில் காசிராது என்பது நம் எல்லாருக்கும் பொதுவான நிலை. ஆகவே கடனை மறுக்கவில்லை. ஊசிக்கும் எண்ணெய்க்கும் போட்ட கைக்காசாவது அன்றே திரும்பி வந்துவிட வேண்டும்.

கொப்பி சொல்லும் பிழைகள்

பத்து மெஷினுக்கு ஒருமுறை கொப்பியைத் திருப்பிப் பாருங்கள். மூன்று மெஷினுக்கு மேல் இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டியிருந்தால், எல்லையைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறோம். எந்த வேலை நேரத்தை இழுத்தது என்று பார்த்து அதை வெளியே எடுங்கள், அல்லது தனி விலை போடுங்கள். பத்தில் இரண்டு மூன்று வீட்டுக்குத் திரும்பப் போக நேர்ந்தால், பெரும்பாலும் ஏழாம் படியில் அவசரம் நடந்திருக்கிறது: நான்கு மடிப்பில் தைத்துப் பார்க்கவில்லை, அல்லது வீட்டுக்காரரைத் தைக்கவிடவில்லை. பார்வைக் கூலியோடு திரும்புவதே அதிகமானால், கூப்பிடும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: "மோட்டார் மெஷினா, மிதி மெஷினா? கைச்சில்லு சுத்துதா?" நடை மிச்சமாகும்.

வீட்டில் செய்து பார்க்க

1. உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்த, திரும்பத் திரும்பச் செய்யும் வேலை ஒன்றை எடுங்கள். ரவிக்கை தைத்தல், முடி வெட்டுதல், மருந்து அடிக்கும் டேங்கியைத் துடைத்துப் பூட்டுதல் எதுவாகவும் இருக்கலாம். அதன் படிகளை வரிசையாக எழுதுங்கள். ஏழுக்கு மேல் போனால் இரண்டு வேலையாகப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள்.

2. அந்த வேலையில் எதைச் செய்ய மாட்டீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். ரவிக்கையென்றால், வேறொருவர் வெட்டிக் கெடுத்த துணியைத் திருத்துவது அதில் ஒன்றாக இருக்கலாம்.

3. ஒருவர் நாளுக்கு 1,600 ரூபா என்று வைத்திருக்கிறார். வேலை ஒரு மணித்தியாலம், நடை அரை மணித்தியாலம், சாமான் 80 ரூபா, பத்தில் ஒன்றுக்கு மறுவருகை, கருவித் தேய்மானம் 20 ரூபா. விலை என்ன? (விடை: மணித்தியாலத்துக்கு 200 ரூபா. உழைப்பு 300, சாமான் 80, மறுவருகை 30, தேய்மானம் 20. மொத்தம் 430 ரூபா.)